வாங்கின விலை சந்தைக்குத் தெரியாது

ஈரோட்டில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். அங்கே நான் அதிகம் கேட்ட வாக்கியம், "போட்ட காசு வந்தாப் போதுங்க தம்பி, வித்துப்போட்டு வெளிய வந்துருவேன்" என்பதுதான். படித்தவர், படிக்காதவர், சந்தைக்குப் புதியவர், இருபது வருடம் பழகியவர் என்று வித்தியாசமே இல்லாமல் எல்லோரும் சொன்ன வாக்கியம் அது.

மஞ்சள் வியாபாரம் செய்யும் வாடிக்கையாளர் ஒருவர். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட ஜூன் மாதத்தில் ஒரு லட்சம் தேவைப்பட்டது. அவர் கணக்கில் இரண்டு பங்குகள் இருந்தன. ஒன்று அறுபதாயிரத்துக்கு வாங்கி ஒரு லட்சம் ஆனது. இன்னொன்று இரண்டு லட்சத்துக்கு வாங்கி ஒரு லட்சத்துக்கு இறங்கியது. எதை விற்றாலும் கையில் வரும் பணம் ஒன்றுதான். அவர் யோசிக்கவே இல்லை, ஏறினதை விற்கச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "லாபத்துல இருக்கறத வித்தா கைக்குக் காசு. அதை வித்தா நஷ்டம் ஆயிருமுல்லீங்க?" என்றார்.

அந்த 'நஷ்டம் ஆயிரும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு லட்சம் ஏற்கெனவே போய்விட்டது. ஆனால் அவர் மனக்கணக்கில் அது இன்னும் போகவில்லை. விற்றால்தான் போகும். விற்காத வரை அது விலை இறக்கம், விற்ற நொடியில் அது நஷ்டம். முதலீட்டில் மனம் செய்யும் கோளாறுகளைப் பற்றி எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன. என் அனுபவத்தில் பாதிச் சேதம் இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகிறது.

இதை முதலில் ஒழுங்காக அளந்து பார்த்தவர்கள் டேனியல் கானெமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள். 1979இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை பொருளாதாரத்தின் போக்கையே மாற்றியது. 2002இல் கானெமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது, ட்வெர்ஸ்கி அதற்கு ஆறு வருடம் முன்பே இறந்துவிட்டார். அவர்கள் சொன்னதைப் பூவா தலையா போட்டே புரிந்துகொள்ளலாம். தலை விழுந்தால் உங்களுக்கு 1,500 ரூபாய், பூ விழுந்தால் நீங்கள் 1,000 ரூபாய் தரவேண்டும். கணக்குப்படி இது உங்களுக்குச் சாதகமான ஆட்டம். ஆனாலும் பெரும்பாலானவர்கள் மறுத்துவிடுவார்கள். ஆயிரம் போவதன் வலி, ஆயிரம் வருவதன் சந்தோஷத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1992இல் அவர்கள் இருவரும் மதிப்பிட்ட அளவு 2.25 மடங்கு. பின்னால் வந்த ஆய்வுகளில் இந்த எண் கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது, சின்னத் தொகைகளில் இந்த விளைவு மங்கிவிடுகிறது என்றும் சொல்கிறார்கள். எனவே 2.25 என்பதைக் கல்லில் பொறித்த எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திசை சரி.

இழப்பின் வலி பெரிது என்பது நம் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததுதான். அவர்கள் கண்டதில் முக்கியமான பாதி வேறு. இன்னொரு ஆட்டம் பாருங்கள். உங்களுக்கு நிச்சயமாக 500 ரூபாய் நஷ்டம். அல்லது காசைச் சுண்டலாம், தலை விழுந்தால் நஷ்டமே இல்லை, பூ விழுந்தால் 1,000 நஷ்டம். இப்போது அதே மனிதர்கள் சுண்டலாம் என்கிறார்கள்! லாபத்தில் இருக்கும்போது பத்திரமாக ஒதுங்குகிறவர், நஷ்டத்தில் இருக்கும்போது சூதாடத் தயாராகிறார். மஞ்சள் வியாபாரி செய்தது இரண்டையும்தான். ஏறிய பங்கின் லாபத்தை உடனே பூட்டி வைத்தார், இறங்கிய பங்கில் எப்படியாவது தப்பித்துவிடலாம் என்று காசைச் சுண்டிக்கொண்டிருந்தார்.

1990களின் இறுதியில் டெரன்ஸ் ஓடீன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு தள்ளுபடித் தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை எடுத்துப் பார்த்தார். 1987 முதல் 1993 வரை நடந்த வாங்கல் விற்றல். அந்தக் கணக்குகளில், நஷ்டத்தில் இருக்கும் பங்கைவிட லாபத்தில் இருக்கும் பங்கு விற்கப்படும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு இருந்தது. சரி, ஏறினது இனி இறங்கும், இறங்கினது இனி ஏறும் என்று கணித்து விற்றிருக்கலாமே? அதையும் பார்த்தார். லாபத்தில் விற்ற பங்குகள் அடுத்த ஒரு வருடத்தில், விற்காமல் வைத்துக்கொண்ட நஷ்டப் பங்குகளைவிடச் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகவே ஏறியிருந்தன. நல்ல மாட்டை விற்றுவிட்டு நொண்டி மாட்டுக்குத் தீவனம் போட்டிருக்கிறார்கள்.

அமெரிக்கக் கணக்கு அப்படியே இருக்கட்டும். நம் நாட்டில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு யெஸ் வங்கியின் கதையைப்போல் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. அதில் நஷ்ட பயமும் கூட்டத்தோடு ஓடுவதும் ஒன்றுக்கொன்று கை கொடுத்ததைத் தேதிவாரியாகவே பார்க்க முடியும்.

2018 ஆகஸ்டில் அந்தப் பங்கின் விலை 400 ரூபாயைத் தொட்டது. செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, அதன் நிறுவனர் ராணா கபூரின் பதவிக்காலத்தை 2019 ஜனவரி 31உடன் முடித்துக்கொள்ளச் சொன்னது. ஒரே நாளில் பங்கு முப்பது சதவீதத்துக்கு நெருக்கமாக விழுந்தது. இது வானத்திலிருந்து விழுந்த அதிர்ச்சி அல்ல. அதற்கு ஒரு வருடம் முன்பே, 2016-17ஆம் ஆண்டின் வாராக்கடன் 2,018 கோடி என்று வங்கி சொன்ன இடத்தில் ரிசர்வ் வங்கியின் தணிக்கை 8,300 கோடிக்கு மேல் என்று சொல்லியிருந்தது. இந்த விவரம் பங்குச் சந்தைக்குக் கொடுத்த அறிக்கையிலேயே இருந்தது. 2019 ஏப்ரலில் வங்கி தன் வரலாற்றிலேயே முதல் காலாண்டு நஷ்டத்தைக் காட்டியது, 1,500 கோடிக்கு மேல். மறுபடி ஒரே நாளில் முப்பது சதவீத வாக்கில் சரிவு. ஜூலையில் விலை நூறுக்குக் கீழ். அக்டோபர் தொடக்கத்தில் முப்பது சொச்சம்.

இந்த இறக்கத்தினூடே ஒருவரை நடக்க வைத்துப் பார்ப்போம். இது நானாகப் போடும் கணக்கு, ஆனால் இதே மாதிரிப் பட்டியல்களை நிறையப் பேரின் கணக்கில் பார்த்திருக்கிறேன். அவர் 350 ரூபாய்க்கு 100 பங்கு வாங்கினார். முதலீடு 35,000. விலை 200க்கு வந்தது. 'ஆவரேஜ் பண்ணலாம்' என்று இன்னும் 100 வாங்கினார். விலை 100க்கு வந்தபோது 200 பங்கு, 50க்கு வந்தபோது 400 பங்கு. ஒவ்வொரு தடவையும் 20,000. இப்போது அவரிடம் 800 பங்குகள், மொத்த முதலீடு 95,000.

இதில் மனம் எங்கே ஏமாறுகிறது என்று பாருங்கள். அவர் பார்ப்பது சராசரி விலையை. அது 350இல் தொடங்கி 275 ஆகி, 187 ஆகி, 119க்குக் கீழே வந்துவிட்டது. மீட்சிக்கான இலக்கு தன்னை நோக்கி இறங்கி வருவதுபோல் இருக்கிறது. பார்க்காமல் விடுவது, முதல் நாள் 35,000 மட்டுமே போடத் தயாராயிருந்த ஒரு வங்கியில் இப்போது கிட்டத்தட்ட ஒரு லட்சம் இருக்கிறது என்பதை. அந்த வங்கியோ முதல் நாளைவிட மோசமான நிலையில் இருக்கிறது. விலை 50இல் அவர் நஷ்டம் 55,000. இது முதல் நாள் போட்ட முழுப் பணத்தைவிட அதிகம். ஆவரேஜ் செய்யாமல் சும்மா இருந்திருந்தால்கூட 30,000தான் போயிருக்கும்.

350 என்ற அந்த முதல் விலைதான் எல்லாவற்றுக்கும் ஆணி. நானூறு ரூபாய் பார்த்த பங்கு ஐம்பதுக்குக் கிடைக்கிறது என்றால் மலிவு என்று தோன்றும். ஆனால் பழைய விலையை வைத்து இன்றைய விலையை மலிவு என்று சொல்ல முடியாது. வங்கி கொடுத்த கடன்கள் திரும்புமா, அது புதிதாக மூலதனம் திரட்ட முடியுமா, திரட்டினால் பழைய பங்குதாரருக்கு மிச்சம் என்ன என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது சந்தைக்குத் தெரியாது. அந்த விலைக்குத் திரும்பி வரவேண்டிய கடமையும் அதற்கு இல்லை.

இதுவரை தனிமனித மனம். கூட்டம் இதில் எங்கே வந்து சேர்ந்தது?

அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்தன. 2019 அக்டோபர் 31 அன்று, வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவர் 120 கோடி டாலர் போட முன்வந்திருப்பதாக வங்கி அறிவித்தது. நவம்பர் 4 அன்று, நாட்டின் மிகப் பிரபலமான பங்கு முதலீட்டாளர் ராகேஷ் ஜுன்ஜுன்வாலா சுமார் 1.3 கோடி பங்குகளை 67 ரூபாய் வாக்கில் வாங்கினார். முப்பதுக்கு விழுந்திருந்த விலை எழுபதைத் தொட்டது. வாட்ஸ்அப் குழுக்களில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. 'அவரே வாங்கியிருக்கார், நமக்குத் தெரிஞ்சதா அவருக்குத் தெரியாம இருக்கும்?' என்று கேட்டார்கள்.

தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர் வழியாக ஊகிப்பது அவ்வளவு முட்டாள்தனம் அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தெரியாத ஊரில் கூட்டம் இருக்கும் ஓட்டலில் சாப்பிடுகிறோம், பெரும்பாலும் அது சரியாகவே இருக்கிறது. முன்னால் இருப்பவர் சுயமாகப் பார்த்து முடிவெடுத்தார் என்றால் அவர் பின்னால் போவதில் ஓர் அர்த்தம் உண்டு. சிக்கல் பத்தாவது ஆளிலிருந்து தொடங்குகிறது. அவர் ஒன்பது பேர் வாங்கியதைப் பார்த்து வாங்குகிறார், ஆனால் அந்த ஒன்பதில் எட்டுப் பேர் முதல் ஆளைப் பார்த்து வாங்கினவர்கள். பத்துப் பேரின் முடிவுபோல் தெரிவது உண்மையில் ஒருவரின் முடிவு. கொங்குப் பகுதியில் 2012க்கு முந்தைய வருடங்களில் ஈமு கோழிப் பண்ணைகள் இப்படித்தான் பரவின. பக்கத்துத் தோட்டத்தில் வளர்க்கிறார்கள் என்பதைத் தவிர, அந்தக் கறியை யார் வாங்கிச் சாப்பிடப் போகிறார்கள் என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

முதல் ஆளின் முடிவும் நமக்கு அப்படியே பொருந்தாது. ஜுன்ஜுன்வாலா அன்று போட்டது சுமார் 87 கோடி. கேட்க மலைப்பாக இருக்கும். அவருடைய அன்றைய சொத்தில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பணம் முழுதும் போயிருந்தாலும் அவர் அடுத்த நாள் வேலையைப் பார்த்திருப்பார். அவரைப் பார்த்து, சேமிப்பில் பாதியைப் போட்டவர் செய்தது அதே காரியம் இல்லை. வாங்கினது தெரியும், அது அவர் சொத்தில் எவ்வளவு என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை, எப்போது விற்பார் என்பது தெரியவே தெரியாது.

அதே சமயத்தில் இன்னொரு கூட்டம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. 2019 செப்டம்பர் இறுதியில் வங்கியில் இருந்த வைப்புத்தொகை 2.09 லட்சம் கோடி. 2020 மார்ச் 5இல் அது 1.37 லட்சம் கோடி. ஐந்தே மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளியேறிவிட்டது. 'வைரம்' என்று தன் பங்குகளை வர்ணித்து, விற்கவே மாட்டேன் என்று 2018 செப்டம்பரில் ட்விட்டரில் எழுதிய நிறுவனரின் தரப்பிலிருந்தும், 2019 நவம்பருக்குள் பங்குகள் ஏறக்குறைய முழுவதும் விற்கப்பட்டுவிட்டன. விற்றவர்கள் விற்ற பங்குகளை யாராவது வாங்கித்தானே ஆகவேண்டும்? வாங்கியவர்களில் பெரும் பகுதி சிறு முதலீட்டாளர்கள். விலை இறங்க இறங்க அவர்கள் எண்ணிக்கை ஏறியது.

2020 மார்ச் 5 மாலை ரிசர்வ் வங்கி தடை விதித்தது, கணக்கிலிருந்து 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. மறுநாள் பங்கு ஒரு கட்டத்தில் 5.55 வரை போய், 16 ரூபாய் வாக்கில் முடிந்தது. நாம் நடக்கவிட்ட மனிதரின் 95,000, அன்று மாலை 13,000க்கும் கீழே.

கதை அதோடு முடியவில்லை. ஸ்டேட் வங்கி தலைமையில் மீட்புத் திட்டம் வந்தது. அதன்படி 100 பங்குகளுக்குக் குறைவாக வைத்திருந்தவர்களைத் தவிர மற்ற எல்லோருடைய பங்குகளிலும் 75 சதவீதம் மூன்று வருடத்துக்குப் பூட்டப்பட்டது. அவருடைய 800இல் 600க்குப் பூட்டு, 200 மட்டும் சுதந்திரம். சந்தையில் புழங்கும் பங்குகள் திடீரென்று குறைந்ததால், அடுத்த சில நாட்களில் விலை அறுபதைத் தாண்டிக்கூடப் பாய்ந்தது. அந்த 200ஐ விற்க அதுதான் நேரம். ஆனால் அவர் சராசரி 119 ஆயிற்றே! பாதி விலைக்கு விற்க மனம் வருமா? 2023 மார்ச்சில் பூட்டுத் திறந்தபோது விலை மறுபடி பதினைந்து பதினாறு ரூபாயில் நின்றது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி நியாயமாக வரும். நஷ்ட பயம்தான் விற்க விடாமல் தடுக்கிறது என்றால், சந்தை சரியும்போது மக்கள் ஏன் பதறியடித்து விற்கிறார்கள்? ஒரே பயம் ஒருவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும் வைக்கிறது, உதறிவிட்டு ஓடவும் வைக்கிறது என்றால் அது என்ன விளக்கம்? பல வருடம் எனக்கும் இது புரியாமல்தான் இருந்தது. 2020 மார்ச்சில் ஒரே தொலைபேசி அழைப்பில் இரண்டையும் பார்த்தேன்.

அழைத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஓய்வுப் பணத்தில் 5 லட்சத்தை ஜனவரியில், ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குகளைக் கொண்ட நிஃப்டி குறியீட்டு ஃபண்டில் போட்டிருந்தார். ஜனவரி 14 அன்று 12,362இல் முடிந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று ஒரே நாளில் பதின்மூன்று சதவீதம் விழுந்து 7,610க்கு வந்தது. அவருடைய 5 லட்சம் மூன்று லட்சத்துச் சொச்சம் ஆகிவிட்டது.

"எல்லாரும் எடுக்கறாங்க சார். நான் மட்டும் வெச்சுட்டு என்ன பண்றது? எடுத்துக் குடுத்துருங்க."

ஐந்து வருடத்துக்கு இந்தப் பணம் தேவைப்படாது என்று சொல்லித்தானே போட்டீர்கள் என்று நினைவூட்டினேன். கேட்கும் நிலையில் அவர் இல்லை. அவர் கணக்கில் தனிப் பங்கு ஒன்றும் இருந்தது. எழுபது சதவீதத்துக்கு மேல் இறங்கிய, கடன் சுமையில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு கம்பெனி. அதையும் விற்றுவிடலாமா டீச்சர் என்று கேட்டேன். சட்டென்று குரல் மாறியது.

"அது இருக்கட்டும் சார். அது நானாப் பார்த்து வாங்குனது. என்னிக்காவது வரும்."

ஐம்பது கம்பெனிகளின் கூட்டுப் பங்கை விற்றார், மூழ்கும் ஒற்றைக் கம்பெனியை வைத்துக்கொண்டார். நிஃப்டி அந்த வருடம் நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டியது.

'நானாப் பார்த்து வாங்குனது' என்பதில்தான் விடை இருக்கிறது. டாம் சாங், டேவிட் சாலமன், மார்க் வெஸ்டர்ஃபீல்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தாங்களே தேர்ந்தெடுத்த தனிப் பங்குகளில் மக்கள் நஷ்டத்தை விற்க மறுக்கிறார்கள். வேறொருவர் நிர்வகிக்கும் ஃபண்டுகளில் அதே மக்கள் நஷ்டத்தில் இருப்பதையே முதலில் விற்கிறார்கள். பங்கில் நஷ்டத்தை ஒப்புக்கொண்டால் தப்பு நம்முடையது. ஃபண்டில் தப்பைச் சுமத்த இன்னொருவர் இருக்கிறார். ஆகவே வலி இரண்டு வகை. பணம் போன வலி ஒன்று, நான் தப்பு செய்தேன் என்ற வலி இன்னொன்று. இரண்டாவது பெரிதாக இருக்கும்போது பிடித்துக்கொள்கிறோம். அது இல்லாதபோது முதலாவதிலிருந்து தப்பிக்க ஓடுகிறோம்.

கூட்டம் செய்யும் வேலையும் இங்கேதான் துலங்குகிறது. எல்லோரும் விற்கும் நாளில் விற்றால் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள், நீங்களே உங்களைக் குறை சொல்லிக்கொள்ள மாட்டீர்கள். ஊரோடு நஷ்டப்பட்டால் அது விதி, தனியாக நஷ்டப்பட்டால் அது புத்திக்குறைவு. கூட்டம் தகவல் தருகிறது என்பதைவிட மன்னிப்புத் தருகிறது என்பதுதான் என் கருத்து. ஈமுவிலும் அப்படித்தான், 2019 நவம்பர் வாட்ஸ்அப் குழுவிலும் அப்படித்தான்.

பயத்தைப் பெருக்கும் இன்னொன்று, எத்தனை தடவை பார்க்கிறோம் என்பது. ஷ்லோமோ பெனார்ட்சியும் ரிச்சர்ட் தேலரும் 1995இல் இதைக் கணக்காகவே காட்டினார்கள். நாள் கணக்கில் பார்த்தால் சந்தை ஏறும் நாட்கள் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இறங்கும் நாளின் வலி ஏறும் நாளின் சந்தோஷத்தைவிட இரண்டு மடங்கு என்றால், தினமும் பார்ப்பவருக்கு நல்ல சந்தையிலும் மிஞ்சுவது வலிதான். வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு ஏறிய வருடங்கள் கணிசமாகக் கூடுதலாகத் தெரியும். இருவர் வைத்திருப்பதும் ஒரே ஃபண்ட். அந்த ஆசிரியை ஒரு நாளைக்கு எத்தனை முறை செயலியைத் திறந்தார் என்று பிறகு கேட்டேன். எண்ணவில்லை என்றார்.

சரி, இதையெல்லாம் தெரிந்துகொண்டால் தப்பிக்கலாமா? தெரிந்திருப்பது மட்டும் உதவாது, என் கையே எனக்குச் சாட்சி. நானும் 'போட்ட காசு' வர வேண்டும் என்று ஒரு பங்கை நான்கு வருடம் வைத்திருந்தேன். உதவுவது, முடிவெடுக்கும் இடத்தில் கேள்வியை மாற்றிக்கொள்வது. 'இதை நஷ்டத்தில் விற்கலாமா?' என்பது தப்பான கேள்வி. 'என்னிடம் இந்தப் பங்கு இல்லை, அதன் இன்றைய மதிப்புக்குப் பணமாக இருக்கிறது. இந்த விலைக்கு இதை இன்று வாங்குவேனா?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால், அதை வைத்திருப்பதற்குப் பழைய விலையைத் தவிர வேறு காரணம் இல்லை.

இதற்காக, விலை இருபது சதவீதம் இறங்கினால் கண்ணை மூடிக்கொண்டு விற்றுவிடு என்பவர்களோடு நான் உடன்படவில்லை. அதுவும் வாங்கின விலையையே ஆணியாக வைத்துக்கொள்ளும் பழக்கம்தான், திசை மட்டும் வேறு. பார்க்க வேண்டியது, வாங்கியபோது இருந்த காரணம் இன்னும் நிற்கிறதா என்பதை. 2020 மார்ச்சில் நிஃப்டி ஃபண்டின் விலைதான் விழுந்தது. ஐம்பது பெரிய கம்பெனிகளில் நீண்ட காலம் பணம் வைப்பது என்ற காரணம் விழவில்லை. யெஸ் வங்கியில் 2018 செப்டம்பரிலேயே காரணம் ஆட்டம் கண்டது, 2019 ஏப்ரலில் உடைந்தது. அப்போதும் விலை 168 இருந்தது.

நஷ்டத்தில் விற்பதற்கு வரிச் சட்டம் ஒரு சலுகையும் தருகிறது, நிறையப் பேர் அதைப் பயன்படுத்துவதில்லை. ஒரு வருடத்துக்குள் வாங்கி விற்ற பங்கின் லாபத்துக்கு இப்போது 20 சதவீத வரி. அதே நிதியாண்டில் இன்னொரு பங்கை ஒரு வருடத்துக்குள் விற்று ஒரு லட்சம் நஷ்டம் கண்டிருந்தால், அதை லாபத்தில் கழித்துக்கொண்டு 20,000 மிச்சப்படுத்தலாம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கின் நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும்தான் கழிக்க முடியும். கழிக்க லாபம் இல்லையென்றால் எட்டு வருடம் வரை கொண்டுபோகலாம், ஆனால் அந்த வருடக் கணக்கைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஓடீன் பார்த்த கணக்குகளிலும், அமெரிக்காவில் வரி ஆண்டு முடியும் டிசம்பரில் மட்டும் மக்கள் லாபப் பங்குகளைவிட நஷ்டப் பங்குகளை விற்கவே அதிகம் முன்வந்தார்கள். வரி மிச்சம் என்ற பெயர் கிடைத்ததும், அதே விற்பனை தோல்வியாகத் தெரியவில்லை.

நான் வாடிக்கையாளர்களுக்கு வற்புறுத்திச் சொன்ன பழக்கம் ஒன்றுதான். வாங்கும் அன்றே ஒரு நோட்டில் ஏன் வாங்குகிறேன் என்று இரண்டு வரி எழுதி வைக்க வேண்டும். எது நடந்தால் விற்பேன் என்று இன்னொரு வரி. பின்னால் நினைவு நம்மை ஏமாற்றும், காரணம் காலத்துக்கேற்ப மாறிக்கொள்ளும். மூன்று மாதத்தில் விற்கலாம் என்று வாங்கினது, விலை இறங்கியதும் 'லாங் டெர்ம்' முதலீடு ஆகிவிடும். எழுதி வைத்த வரி அப்படி மாறாது.

மஞ்சள் வியாபாரிக்கும் அப்படி ஒரு நோட்டு போட்டுக் கொடுத்திருந்தேன். கல்லூரிக் கட்டணம் கட்டி ஏழெட்டு மாதம் கழித்து, அந்த இறங்கின பங்கு இன்னும் இறங்கியிருந்த ஒரு நாளில், நோட்டை எடுத்து வரச் சொன்னேன். பக்கத்தைப் புரட்டினார். அந்தப் பங்கின் நேரே, ஏன் வாங்கினேன் என்ற இடத்தில் அவர் கையெழுத்தில் 'மச்சான் வாங்கியிருக்கார்' என்று மட்டும் இருந்தது. எப்போது விற்பேன் என்ற இடம் காலி.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "மச்சான் போன வருசமே வித்துட்டாருங்க தம்பி" என்றார். அன்று மதியம் அந்தப் பங்கை விற்கச் சொல்லி ஆர்டர் போட்டோம்.